கோழிக்குஞ்சும் உருப்பதிவும்: ஸ்பால்டிங் முதல் கானமயில் வரை

முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சு போன்றவை முதல் சில நாட்களுக்குள் தம் கண்முன் நகரும் ஒன்றைத் தாயாக ஏற்று, அதை அடையாளம் கண்டு, அதன் பின்னாலேயே செல்லும் இயல்பு உருப்பதிவு எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இது இம்பிரின்டிங் எனப்படும். பொரித்த அன்றே எழுந்து நடக்கும் பறவைகளில்தான் இது தெளிவாகத் தெரிகிறது. கோழி, வாத்து, கௌதாரி, காடை, ஆள்காட்டி ஆகியவை அத்தகையவை. கண் திறக்காமல், இறகின்றி, கூட்டிலேயே கிடக்கும் காக்கை, குருவிக் குஞ்சுகளுக்கு யார் பின்னாலும் ஓடவேண்டிய தேவை இல்லை.

‘குஞ்சு முதலில் பார்க்கும் அசையும் பொருளைத் தாய் என்று நினைத்துக்கொள்ளும்’ என்பது பாடநூல்கள் வழியே பரவிய வாசகம். இது பாதி உண்மை. மறுபாதி தெளிவாவதற்கு நூறாண்டுக்கும் மேலாயிற்று. அந்த வரலாற்றின் முதல் சோதனைகளைச் செய்தவர் ஏறத்தாழ மறக்கப்பட்டார். அவரை மீட்டெடுத்த விஞ்ஞானி தன் கடைசி ஆண்டுகளை இந்தியாவில் கழித்து இந்தியக் குடிமகனாக இறந்தார்.

ஊரறிந்த செய்தி

குஞ்சுகள் தாயல்லாததன் பின்னால் போகும் என்பது கோழி வளர்த்தவர்களுக்குப் புதிதல்ல. நாட்டு வாத்து பெரும்பாலும் ஒழுங்காக அடை காக்காது. எனவே வாத்து முட்டைகளை அடைக்கோழிக்கு வைப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். கோழி பொறுமையாக அந்த ஒரு வாரத்தையும் கூடுதலாக உட்கார்ந்து முடிக்கும். பொரித்து வந்த வாத்துக்குஞ்சுகள் கோழியின் பின்னால்தான் செல்லும். நீரைக் கண்டதும் அவை உள்ளே இறங்கிவிட, கோழி கரையில் நின்று கொக்கரித்துத் தவிக்கும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஐயப்பன்தாங்கல் போல ஏரியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில், வயல்கள் வீட்டுமனைகளாகும் முன் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இக்காட்சியில் இரண்டு செய்திகள் கலந்துள்ளன. நீரில் இறங்குவதை வாத்துக்குஞ்சு யாரிடமும் கற்கவில்லை. ஆனால் யார் பின்னால் போவது என்பதை அது பொரித்த பிறகு கற்றுக்கொண்டிருக்கிறது. பிறவியில் வருவது எது, கற்றுக்கொள்வது எது என்று இவ்விரண்டையும் சோதனையால் பிரித்துப் பார்த்தவர் டக்ளஸ் ஸ்பால்டிங்.

முகமூடி அணிந்த குஞ்சுகள்

ஸ்பால்டிங் ஒரு கூலித் தொழிலாளி. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் கூரைகளுக்குப் பலகைக்கல் வேயும் வேலை செய்தார். அங்கே பேராசிரியராக இருந்த தத்துவவாதி அலெக்சாண்டர் பெய்ன் அவர் கட்டணமின்றி வகுப்புகளில் அமர வழிசெய்தார். ஸ்பால்டிங்குக்கு இளமையிலேயே காசநோய் வந்தது. அவருக்குச் சொந்த ஆய்வகமோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லை.

அவருடைய காலத்தில் பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பார்வையால் தூரத்தை அறிவது, கேட்ட திசையை உணர்வது எல்லாம் அனுபவத்தால் வருபவை என்று ஒரு தரப்பு சொன்னது. பிறந்தவுடன் குஞ்சு கொத்துகிறதே என்று கேட்டால், முதல் சில மணி நேரத்தில் அது கற்றுக்கொண்டிருக்கும் என்று அவர்கள் பதில் சொல்ல முடியும். இந்த வாயை அடைக்க ஸ்பால்டிங் கண்டுபிடித்த வழி எளிமையானது. குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வரும்போதே, அது கண் திறப்பதற்கு முன், அதன் தலையில் சிறு துணி முகமூடியை மாட்டினார். ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை இருளில் வைத்திருந்து, பிறகு முகமூடியைக் கழற்றி, அந்த நொடியிலிருந்து அது செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டார்.

வெளிச்சத்துக்குக் கண் பழகியதும், சில நிமிடங்களுக்குள் குஞ்சுகள் ஊர்ந்துபோகும் பூச்சியைக் கண்ணால் தொடர்ந்தன. தூரத்தைச் சரியாகக் கணித்துக் கொத்தின. குறி தப்பினாலும் மயிரிழைதான் தப்பியது. கொத்துவதற்குப் பாடம் தேவைப்படவில்லை.

பின்தொடர்வதில் கதை வேறாக இருந்தது. நடக்கத் தொடங்கிய குஞ்சு அசையும் எதன் பின்னாலும் சென்றது. கண்ணை மட்டும் நம்பிச் செல்லும்போது கோழி, வாத்து, மனிதன் என்ற வேறுபாட்டை அது பார்க்கவில்லை. பின்தொடரும் உந்துதல் பிறவியில் இருக்கிறது, யாரை என்பது எழுதப்படாமல் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னும் முக்கியமானது அவர் அடுத்துக் கண்டது. மூன்று குஞ்சுகளை ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆகும்வரை முகமூடியோடு வைத்திருந்தார். கழற்றியபோது அவை ஸ்பால்டிங்கிடம் வரவில்லை. அவரைக் கண்டதும் பேரச்சத்தோடு எதிர்த்திசையில் ஓடின. மேசை சன்னலருகே இருந்தது. ஒவ்வொன்றும் காட்டுப் பறவைபோலக் கண்ணாடியில் மோதியது. ஒன்று புத்தகங்களுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. முந்தைய நாள் கழற்றியிருந்தால் இதே குஞ்சுகள் தன்னை நோக்கி ஓடிவந்திருக்கும் என்று ஸ்பால்டிங் எழுதினார். இடைப்பட்ட நாளில் அவை எதையும் பார்க்கவில்லை. ஆகவே இந்த மாற்றம் அனுபவத்தால் வந்ததல்ல, உள்ளே ஏதோ ஒரு கடிகாரம் ஓடியிருக்கிறது என்பது அவர் முடிவு.

ஒலி பற்றியும் ஒரு சோதனை செய்தார். கோழியைக் கண்ணுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் வைத்து, சில அடி தள்ளி, தாயின் குரலை அதுவரை கேட்டிராத குஞ்சை விட்டார். குரல் கேட்டதும் குஞ்சு நேராகப் பெட்டியை நோக்கிச் சென்றது. கண்ணுக்கு எந்தத் தாயும் ஒன்றுதான், காதுக்கு அப்படியல்ல. ‘முதலில் பார்க்கும் அசையும் பொருள்’ என்ற வாசகத்தின் மறுபாதி இங்கேயே, முதல் ஆய்விலேயே தலைகாட்டிவிட்டது. பின்னால் வந்தவர்கள் இதை நெடுங்காலம் கவனிக்கவில்லை என்பது வியப்பானது.

இக்கட்டுரை 1872-இல் பிரைட்டனில் நடந்த பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, 1873 பிப்ரவரியில் மேக்மில்லன்ஸ் மேகசின் இதழில் வெளிவந்தது. அதன்பின் ஸ்பால்டிங் ஆம்பர்லி பிரபுவின் வீட்டில் அவர் மூத்த மகனுக்கு ஆசிரியரானார். அவ்வீட்டின் கடைக்குட்டிதான் பின்னாளைய தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். ஆம்பர்லி சீமாட்டி பறவைச் சோதனைகளில் ஸ்பால்டிங்குக்கு உதவினார். ஆனால் ஆம்பர்லி தம்பதியர் அடுத்தடுத்து இறந்தனர். 1877-இல் ஸ்பால்டிங்கும் காசநோயால் இறந்தார். வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் தன் உளவியல் நூலில் அவரை விரிவாக எடுத்தாண்டார். பின்னர் அப்பெயர் மங்கிப்போனது.

பெயர் வந்தது

1911-இல் ஜெர்மானியப் பறவையியலாளர் ஆஸ்கர் ஹைன்ராத் இதே நிகழ்வை வாத்தினங்களில் விவரித்தார். அடைப்பெட்டியில் பொரித்த வாத்தினக் குஞ்சைக் கையில் எடுத்தவர் அதை ஒருகணம் பார்க்க விட்டுவிட்டால் போதும். பிறகு அதைத் தாய் வாத்தோடு சேர்க்க முடியாது, மனிதனிடமே ஓடிவரும். எனவே பெட்டியிலிருந்து எடுத்ததும் பைக்குள் போட்டு, மனிதனைப் பார்க்காதபடி கொண்டுபோய்த் தாயிடம் விடவேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். 1935-இல் கான்ராட் லோரன்ஸ் இதற்கு ‘ப்ரேகுங்’ என்ற ஜெர்மன் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். நாணயத்தில் அச்சுக் குத்துவது என்று அதற்குப் பொருள். ஆங்கிலச் சொல் இதிலிருந்து வந்தது.

உவமை அழகானது. தவறான எதிர்பார்ப்பையும் அதுவே உண்டாக்கியது. நாணயத்தில் குத்திய அச்சு ஒரே அடியில் விழும், அழியாது. உருப்பதிவும் அப்படித்தான், குறுகிய நேரத்தில் ஒருமுறை நிகழும், பின் மாறாது என்று லோரன்ஸ் வாதிட்டார். வாத்துக்கூட்டம் பின்தொடர அவர் நடந்து செல்லும் படங்கள் உலகெங்கும் பரவின. 1973-இல் நோபல் பரிசும் வந்தது. பொதுமக்கள் மனதில் உருப்பதிவு லோரன்ஸின் கண்டுபிடிப்பாகவே பதிந்துபோனது.

இதைத் திருத்தியவர் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1954-இல் பிரிட்டிஷ் விலங்கு நடத்தை இதழில் ஸ்பால்டிங்கின் கட்டுரையை முழுமையாக மறுபதிப்புச் செய்யவைத்து, அறிமுகக் குறிப்பும் எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து, 1957-இல், ஹால்டேனும் அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் மகலனோபிஸின் அழைப்பில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தனர். சூயஸ் போரில் பிரிட்டன் நடந்துகொண்ட விதத்தையும் காரணமாகச் சொன்னார் ஹால்டேன். இந்தியக் குடியுரிமை பெற்று, புவனேஸ்வரில் ஓர் ஆய்வகம் அமைத்து, 1964 டிசம்பர் 1 அன்று அங்கேயே இறந்தார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலேயே, பொறுமையாகப் பார்த்து எண்ணி இந்தியாவில் நல்ல உயிரியல் செய்யலாம் என்பது ஹால்டேனின் கருத்து. முகமூடித் துணியோடு ஆய்வு செய்த ஸ்பால்டிங் அவரை ஈர்த்ததில் வியப்பில்லை. ஸ்பர்வேயும் இளம் ஆய்வாளர் சுரேஷ் ஜயகரும் சேர்ந்து மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தனர். வெட்டவெளித் தரையில் முட்டையிட்டு, கோடை வெயிலில் அடைகாக்கும் பறவை அது. அதன் குஞ்சுகளும் பொரித்ததுமே நடப்பவை.

சிவப்புப் பெட்டியும் பாடம் செய்த கோழியும்

அச்சு என்ற உவமையைச் சோதனைக்கு உட்படுத்தியவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் பேட்சன், கேப்ரியல் ஹார்ன் முதலியோர். அவர்கள் முறை இது. குஞ்சுகளை இருட்டில் பொரிக்கவைத்து ஏறத்தாழ ஒரு நாள் இருட்டிலேயே வைப்பார்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடுசக்கரத்தினுள் விடுவார்கள். எதிரே, உள்ளிருந்து விளக்கு எரியும் சிவப்புப் பெட்டி சுழன்றுகொண்டிருக்கும். குஞ்சு அதை நோக்கி ஓடும். சக்கரம் சுழலுமே தவிர அது பெட்டியைச் சென்றடையாது. எத்தனை சுற்று ஓடியது என்பதை எண்ணினால் ஈர்ப்பின் அளவு தெரியும். பின்னர் பழகிய பெட்டியையும் பழகாத வேறொன்றையும் காட்டி, எதை நோக்கி எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பார்கள்.

இதில் எங்கும் தீனி கிடையாது. தீனி போட்டுப் பழக்கிய குஞ்சும் ஆளின் பின்னால் வரும், ஆனால் அது உருப்பதிவு அல்ல. உணவோ சூடோ தராத பெட்டியைக் கூடக் குஞ்சு நாடுகிறது, அதை எடுத்துவிட்டால் உரத்த குரலில் கீச்சிடுகிறது, திரும்ப வைத்தால் குரல் தணிந்து மெல்ல முனகுகிறது. புதிய பொருளைக் கண்டால் ஒதுங்குகிறது. இந்த அடையாளங்கள் சேர்ந்திருந்தால்தான் உருப்பதிவு நிகழ்ந்தது என்று கொள்ளலாம்.

முன்மூளையில் ஒரு சிறு இடம் இந்த நினைவைத் தாங்குகிறது என்று ஹார்ன் குழுவினர் கண்டனர். அவ்விடத்தை நீக்கினால் சிவப்புப் பெட்டியில் பழகிய குஞ்சுக்கு அந்த ஈர்ப்பு போய்விடுகிறது. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பெட்டிக்குப் பதில் பாடம் செய்த காட்டுக்கோழி உருவத்தைப் பார்த்து வளர்ந்த குஞ்சுகளில் நேர்ந்தது. அவ்விடத்தை நீக்கிய பிறகும் அவை கோழி உருவத்தையே நாடின.

அப்படியென்றால் கோழி உருவத்தை நாடுவதற்குக் குஞ்சுக்கு வேறொரு வழி இருக்கவேண்டும். 1980-களில் மார்க் ஜான்சன், யோகான் போல்ஹாய்ஸ், ஹார்ன் ஆகியோர் இதைப் பின்தொடர்ந்தனர். எந்த உருவத்தையும் காட்டாமல் வெறும் வெளிச்சத்தில் சிறிது நடமாடவிட்ட குஞ்சுகள், ஒரு நாள் கழித்துப் பெட்டியைவிடக் கோழியையே விரும்பின. யாரும் கற்றுத்தராத விருப்பம் அது. கோழி உருவத்தைத் துண்டுகளாக்கி மாற்றி ஒட்டிப் பார்த்தபோது, தலையும் கழுத்தும் முழுதாக இருந்தால் போதும் என்று தெரிந்தது. அது கோழியின் தலையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. கோழியைத் தின்னும் மரநாய் இனத்தைச் சேர்ந்த போல்கேட்டின் தலையும் அதே அளவு ஈர்த்தது. கண், முகம், கழுத்து என்ற அமைப்பை மட்டும் குஞ்சு தேடுகிறது.

ஆக, குஞ்சிடம் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, தலை கழுத்து உடைய உருவத்தின் பக்கம் அதன் கண்ணைத் திருப்புகிறது. மற்றது, அப்படிப் பார்த்த ஒன்றின் நிறம், வடிவம், அசைவு ஆகியவற்றை நுணுக்கமாகப் பதிந்துகொள்கிறது. தோட்டத்தில் தாய்க்கோழியோடு பொரித்த குஞ்சுக்கு முதல் ஏற்பாடு வழிகாட்டும், இரண்டாவது ‘என் தாய்’ யார் என்று பிரித்தறியும். அடைப்பெட்டியில் பொரித்த குஞ்சின் முன் கோழியே இல்லாதபோது, கிடைத்ததைக் கொண்டு இரண்டாவது ஏற்பாடு தன் வேலையைச் செய்கிறது. மனிதனும் காலணியும் சிவப்புப் பெட்டியும் தாயாவது இப்படித்தான். பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் பொரிக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்தே பதிவு செய்துகொள்கின்றன. அதனால்தான் கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தால் அப்படிக் கத்துகிறது.

காதின் பங்கு முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பொரிப்பதற்கு முன்பே கருக்குஞ்சுக்குக் கேட்கும். தாய் எழுப்பும் மெல்லிய ஒலியும், பக்கத்து முட்டைகளின் கீச்சொலியும் ஓட்டைத் தாண்டி வருகின்றன. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் உடற்கூறியல் துறையில் சசி வாத்வா குழுவினர், அடைகாக்கும் முட்டைகளுக்குப் பத்தாம் நாளிலிருந்து கோழியின் ஒலிகளையும் சித்தார் இசையையும் கேட்கச் செய்தனர். கேட்ட கருக்குஞ்சுகளின் மூளைத்தண்டில் செவிப்புலனுக்குரிய பகுதிகள் கேளாதவற்றைவிட வளர்ந்திருந்தன என்று 1999-இல் வெளியிட்டனர். தாயின் குரலுக்குச் சித்தார் ஈடாகுமா என்ற கேள்வியைவிட, ஓட்டுக்குள் இருக்கும்போதே கேள்வி மூளையை வளர்க்கிறது என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

வாசல் எப்போது அடைகிறது

கோழிக்குஞ்சில் உருப்பதிவுக்கு உகந்த காலம் பொரித்த சில மணி நேரத்தில் தொடங்கி ஏறத்தாழ மூன்று நாட்களில் முடிகிறது. ஏன் முடிகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. ஸ்பால்டிங்கின் முகமூடிக் குஞ்சுகள் உள்ளே கடிகாரம் ஒன்று இருப்பதைக் காட்டின. ஆனால் அனுபவமும் வாசலைச் சாத்துகிறது என்று பேட்சன் விளக்கினார். ஒன்றை நன்கு பதிந்துகொண்ட குஞ்சுக்கு மற்றதெல்லாம் அந்நியம் ஆகிறது. அந்நியத்தைக் கண்டு விலகினால் அதைக் கற்க வாய்ப்பே இல்லை. பதிவதற்கு ஏதும் கிடைக்காத வெறுமையான சூழலில் வளர்ந்த குஞ்சுக்கு இந்தக் காலம் சற்று நீள்வது இதனால்தான்.

2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் வேதியியலைக் கண்டனர். குஞ்சு முதல் உருவத்தில் பழகத் தொடங்கும்போது தைராய்டு ஹார்மோன் மூளைக்குள் விரைந்து சேர்கிறது. அதுவே கற்கும் வாசலைத் திறக்கிறது. காலம் கடந்த குஞ்சுகளுக்கு அந்த ஹார்மோனைச் செலுத்தியபோது அவையும் புதிதாகப் பதிவுசெய்துகொண்டன. லோரன்ஸ் நினைத்த உலோக அச்சைவிட இது நெகிழ்வானது.

கானமயில் குஞ்சுகள்

உருப்பதிவு தாயை அறிவதோடு நிற்பதில்லை. பல பறவைகளில், குஞ்சுப் பருவத்தில் யாரோடு வளர்ந்ததோ அவ்வினத்தையே வளர்ந்தபின் துணையாகத் தேடும். இது பின்தொடரும் பதிவைவிடச் சற்றுத் தாமதமாக, நீண்ட காலத்தில் உருவாவது. கைவளர்ப்புப் பறவை மனிதனிடமே இணைசேரும் நடனத்தை ஆடுவது இதன் விளைவு. மற்றப் பறவைகளின் கூட்டில் வளரும் குயில் இதற்கு உட்பட்டால் காக்கையைத்தான் துணையாகத் தேடவேண்டும், அதன் இனமே அற்றுப்போயிருக்கும். அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது என்பது தெளிவு.

இந்தியாவில் இது இன்று ஒரு பறவையினத்தின் உயிர்ப் பிரச்சினை. கானமயில் எனப்படும் பெரும் இந்தியப் பாலைப்பறவை மிகச் சிறிய எண்ணிக்கைக்குச் சுருங்கிவிட்டது. 2019 முதல் ராஜஸ்தானின் ஜெய்சல்மர் பகுதியில் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து, அடைப்பெட்டியில் பொரிக்கவைத்து, சாம் மையத்தில் கையால் வளர்க்கிறார்கள். குஞ்சு மனிதனைப் பார்த்தே வளர்கிறது. அதனால் அது மனிதனைக் கண்டு மிரளாமல் கூண்டில் அமைதியாக வாழ்கிறது. கூச்ச இயல்புடைய இப்பறவையைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய அது உதவுகிறது. போலிப் பெண் உருவத்தின்மீது இணைசேரப் பழக்கப்பட்ட சுதா என்ற ஆணிடம் விந்து சேகரித்து, டோனி என்ற பெண்ணுக்குச் செயற்கை முறையில் செலுத்தி, 2024 அக்டோபரில் முதல் குஞ்சு பெறப்பட்டது.

கூண்டில் பயன்பட்ட அதே பதிவு திறந்த வெளியில் ஆபத்து. மனிதனையும் நாயையும் வண்டியையும் கண்டு அஞ்சாத பறவையைப் புல்வெளியில் விட முடியாது. ஆகவே இம்முதல் தலைமுறை மையத்திலேயே இருக்கவேண்டியது. விடுவிப்பதற்கென வளர்க்கப்படும் குஞ்சு மனித முகத்தைப் பார்க்காமல் வளரவேண்டும். அமெரிக்காவில் கொக்கினப் பறவைகளுக்குத் தீனி ஊட்டுபவர்கள் உடல் முழுவதும் வெள்ளை அங்கி போர்த்தி, கையில் கொக்குத் தலை வடிவப் பொம்மையை மாட்டிக்கொண்டு, பேசாமல் வேலை செய்வது இதற்காகத்தான். பொம்மையில் தலையும் கழுத்தும் இருக்கின்றன, மற்றது துணி.